முடிவு முதலிலா, கடைசியிலா: 12 நிமிட மாநாட்டு உரையில் ஸ்லைடுகளின் வரிசை

ஆய்வு மாநாடுகளின் இணை அமர்வுகளில் ஒருவருக்கு ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் 15 நிமிடமாக இருக்கும். அதில் ஏறத்தாழ 12 நிமிடம் உரைக்கும், மீதி 3 நிமிடம் கேள்விகளுக்கும் போகும். இந்த 12 நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் பலர் தனியாக முடிவு செய்வதே இல்லை. கட்டுரை எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையே ஸ்லைடுகளுக்கும் தானாக வந்துவிடுகிறது. ஆனால் ஒரே தரவு, ஒரே வரைபடங்கள், ஒரே முடிவு ஆகியவற்றை வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் மாற்றினால், கேட்பவர் மனத்தில் தங்கும் செய்தியும், உரை முடிந்ததும் அவர் எழுந்து கேட்கும் கேள்வியும் மாறிவிடும். நடைமுறையில் உள்ள மூன்று வரிசைகளை ஒரே ஆய்வின் மீது பொருத்திப் பார்த்து, எதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்று இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒப்பீட்டுக்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஆற்றுக் கரைகளில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவீட்டை ரேடியோ வழியாக ஒரு பெறுநிலையத்துக்கு அனுப்புகின்றன. ஆய்வகக் கணக்குப்படி பேட்டரி 18 மாதம் வர வேண்டும்; களத்தில் சில சென்சார்களில் அது 6 மாதத்திலேயே தீர்ந்துபோகிறது. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு: பெறுநிலையத்திலிருந்து, அளவீடு கிடைத்தது என்ற ஒப்புகை வராதபோது சென்சார் அதே அளவீட்டை 8 முறை வரை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. தொலைவில் உள்ள சென்சார்களில் ஓர் அளவீட்டுக்குச் சராசரியாக 3 முறை ரேடியோ இயங்குவதால், மின்செலவும் மூன்று மடங்காகிறது. இரண்டு முயற்சிக்குள் ஒப்புகை வராவிட்டால் அளவீட்டைச் சேமித்து வைத்து அடுத்த அளவீட்டுடன் சேர்த்து அனுப்பலாம் என்று விதியை மாற்றியதும், சராசரி 1.3 ஆகக் குறைந்து, பேட்டரிக் காலம் சுமார் 14 மாதமாக உயர்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: இணைப்பு மோசமாக இருக்கும் நேரங்களில் அளவீடுகள் தாமதமாகவே வந்து சேரும்.

இந்த ஆய்வின் மையச் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்: "பேட்டரியைத் தீர்ப்பது குளிர் அல்ல, மறு அனுப்புதல், இரண்டு முயற்சியோடு நிறுத்தினால் 6 மாதம் 14 மாதமாகிறது." வரிசையை யோசிப்பதற்கு முன் இந்த வாக்கியம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கூடவே, அவையிலிருந்து எந்தக் கேள்வி வந்தால் அந்த 3 நிமிடமும் பயனுள்ளதாகும் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே அந்தக் கேள்வி, "வெள்ளம் வரும் நேரத்தில் இந்தத் தாமதத்தைத் தாங்க முடியுமா?" என்பதே. ஆய்வின் அடுத்த கட்டம் அதில்தான் இருக்கிறது. அவையில் அமர்ந்திருக்கும் நீரியல் வல்லுநர்களின் அனுபவம் ஆய்வாளருக்கு உதவக்கூடிய இடமும் அதுதான்.

முதல் தெரிவு, கட்டுரையின் வரிசை. தலைப்பு, உள்ளடக்கம், பின்னணி, முந்தைய ஆய்வுகள், சென்சாரின் அமைப்பு, மின்னோட்டத்தை அளந்த முறை, வெப்பநிலையை ஒட்டிய முடிவுகள், மறு அனுப்புதலை ஒட்டிய முடிவுகள், புதிய விதி, அதன் பலன், வரம்புகள், முடிவுரை, நன்றி. அச்சில் இது நல்ல வரிசை. வாசகர் விரும்பினால் சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முடிவுக்குத் தாவலாம், முறையியலில் சந்தேகம் வந்தால் திரும்பி வரலாம். அவையில் இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பேச்சாளர் எந்த வேகத்தில் எதைக் காட்டுகிறாரோ அதை அந்த வேகத்தில்தான் அவர் பெற முடியும்.

இந்த வரிசையில் மையச் செய்தி திரைக்கு வருவது ஏறக்குறைய 9ஆம் நிமிடத்தில். அதற்கு முன் மின்னோட்டத்தை அளந்த கருவி, மாதிரி எடுத்த வேகம், சென்சாரின் சுற்றமைப்பு ஆகியவற்றை அவை பார்த்தாகிவிட்டது. ஆனால் அவற்றில் எது முக்கியம் என்று தரம் பிரிக்க ஓர் அளவுகோல் அப்போது அவர்களிடம் இல்லை. முடிவு தெரிந்திருந்தால், ஒப்புகைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ரேடியோ இயங்குகிறது என்ற ஒரு விவரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டிருப்பார்கள். தெரியாததால் எல்லாவற்றையும் சமமாக ஏந்திக்கொண்டு வருகிறார்கள், அல்லது நான்காம் நிமிடத்தில் கவனத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் பெரிய சிக்கல் நேரத்தில் இருக்கிறது. உரைகள் திட்டமிட்டதைவிட நீள்வதுதான் வழக்கம், அதுவும் பின்னணியை விளக்கும்போது. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாகப் போய்விட்டால், அந்த இழப்பைக் கடைசியில் இருக்கும் ஸ்லைடுகளே தாங்க வேண்டும். அமர்வுத் தலைவர் "ஒரு நிமிடம்" என்ற அட்டையை உயர்த்தும்போது பேச்சாளர் புதிய விதியின் பலனை 20 விநாடியில் ஓட்டிவிட்டு, வரம்புகளைத் தாண்டி, முடிவுரையை வாசிக்கிறார். கட்டுரை வரிசையில் மிகக் குறைந்த மதிப்புள்ள பகுதி பாதுகாப்பான இடத்திலும், மிக அதிக மதிப்புள்ள பகுதி ஆபத்தான இடத்திலும் அமர்ந்திருக்கின்றன.

கேள்விகளும் இதன் விளைவையே காட்டும். அவையினர் அதிக நேரம் செலவிட்ட இடத்திலிருந்துதான் கேள்வி எழும். "மின்னோட்டத்தை அளக்க ஏன் இந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள்?", "எந்த வகைப் பேட்டரி?" என்பன போன்ற கேள்விகள் வந்தால், கேட்டவர் மீது குறையில்லை, வரிசை அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது. தவறாக அமைந்த வரிசையைக் கண்டுகொள்ள இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை: கேள்விகள் எல்லாம் உரையின் முதல் பாதியைப் பற்றியே வந்தால், இரண்டாம் பாதி போய்ச் சேரவில்லை.

ஆனாலும் கட்டுரை வரிசைக்கு ஓர் உரிய இடம் உண்டு. அளக்கும் முறையே ஆய்வின் புதுமை என்றால், அதாவது களத்தில் இயங்கும் சென்சாரின் மின்செலவை இதுவரை இல்லாத நுணுக்கத்தில் அளக்க வழி கண்டதுதான் செய்தி என்றால், முறையை முன்வைத்து அதன் வழியாக முடிவுக்குப் போவது பொருத்தம். அப்போதும் உள்ளடக்க ஸ்லைடு தேவையில்லை. 12 நிமிட உரையில் "பின்னணி, முறை, முடிவுகள், விவாதம்" என்று காட்டும் ஸ்லைடு அரை நிமிடத்தை எடுத்துக்கொண்டு அவை அறியாத எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது தெரிவு, முடிவை முதலில் வைப்பது. இங்கே தலைப்பு ஸ்லைடுக்குப் பிறகு சிக்கலைச் சொல்லும் ஒரே ஒரு ஸ்லைடு வருகிறது: ஆய்வகத்தில் 18 மாதம், களத்தில் 6 மாதம். அடுத்த ஸ்லைடிலேயே மையச் செய்தி முழு வாக்கியமாக நிற்கிறது. அப்போது இரண்டாம் நிமிடம் கூட முடிந்திருக்காது. "முதலில்" என்றால் முதல் விநாடியிலேயே என்று பொருள் கொள்ள வேண்டாம். சிக்கல் இன்னதென்று தெரியாதவரிடம் மறு அனுப்புதலைப் பற்றிய தீர்ப்பைச் சொன்னால், அது விடை என்றே அவருக்குத் தெரியாது. கேள்வி விளங்கிய மறுகணமே விடை வர வேண்டும். அதற்கு ஒரு ஸ்லைடு போதும்.

இந்த வரிசையின் உண்மையான பலம், ஒவ்வொரு ஸ்லைடும் அடுத்த ஸ்லைடைக் கேட்க வைப்பதில் இருக்கிறது. "குளிர் அல்ல" என்று சொன்னதும், குளிரைத்தான் காரணமென்று நம்பி வந்தவர் மனத்தில் "எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று எழும். அந்தக் கணத்தில் வர வேண்டியது ஒரே கரையில் அருகருகே நிறுவப்பட்ட இரண்டு சென்சார்களின் வரைபடம். இரண்டுக்கும் ஒரே வெப்பநிலைக் கோடு. ஆனால் ஒன்றுக்கும் பெறுநிலையத்துக்கும் இடையே மேடு ஒன்று மறைக்கிறது, மற்றதற்கு நேர்ப்பார்வை இருக்கிறது. மறைக்கப்பட்ட சென்சாரின் பேட்டரிக் கோடு செங்குத்தாகச் சரிய, மற்றது மெல்ல இறங்குகிறது. குளிர் இரண்டுக்கும் பொதுவானபோது வேறுபாட்டுக்குக் குளிர் காரணமாக முடியாது என்பதைப் பேச்சாளர் சொல்வதற்கு முன்பே அவை பார்த்துவிடும். அதைப் பார்த்ததும் "அப்படியானால் மறு அனுப்புதல் எவ்வளவு செலவழிக்கிறது?" என்ற அடுத்த கேள்வி வரும், அதற்கு முயற்சிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்லைடு விடை. பிறகு "நிறுத்தினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் புதிய விதியும் 14 மாதமும். அதன் பிறகு மிச்சமிருக்கும் இயல்பான கேள்வி, "இதனால் எதை இழக்கிறோம்?" என்பது. அங்கே தாமதம் பற்றிய ஸ்லைடு.

அளவீட்டு முறை இந்த வரிசையில் காணாமல் போவதில்லை. சிறு துண்டுகளாகப் பிரிந்து, எந்தச் சான்றுக்கு எது வேண்டுமோ அதன் அருகில் போய் அமர்கிறது. முயற்சிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்லைடில், அந்த எண்ணிக்கை சென்சாரின் நினைவகப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி போதும். முழு விவரம், கேள்வி நேரத்துக்காகக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைக்கும் துணை ஸ்லைடுகளில் இருக்கட்டும்.

இதன் பலவீனத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முடிவை ஏற்க விரும்பாதவர் இரண்டாம் நிமிடத்திலேயே எதிர்வாதத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். அவருக்கு முன் பத்து நிமிடம் இருக்கிறது. ஆகவே முடிவுக்கு அடுத்த ஸ்லைடாக வருவது நம்மிடம் இருப்பதிலேயே வலுவான சான்றாக இருக்க வேண்டும், கால வரிசையில் முதலில் கிடைத்த சான்றாக இருக்கக் கூடாது. பலர் இங்கே தடுமாறுகிறார்கள்: மையச் செய்தியைத் துணிவாகச் சொல்லிவிட்டு, உடனே ஆய்வின் வரலாற்றுக்குத் திரும்பி, "முதலில் நாங்கள் ஆய்வகத்தில் சோதித்தோம்" என்று தொடர்கிறார்கள். அப்படிச் செய்தால் அது கட்டுரை வரிசையேதான், முன்னால் ஒரு ஸ்லைடு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது தெரிவு, புதிரின் வரிசை. 18 மாதம் ஏன் 6 ஆனது என்று கேட்டு, விடையைத் தள்ளிவைத்து, அவை நம்பும் விளக்கத்தை முதலில் முன்வைப்பது. குளிர்காலத்தில் பேட்டரி வேகமாக இறங்கிய வரைபடம் திரையில் வருகிறது, அவை தலையசைக்கிறது. அடுத்து இரண்டு சென்சார்களின் வரைபடம் வந்து அந்த விளக்கத்தை உடைக்கிறது. அதன் பின்னரே மறு அனுப்புதல் மேடைக்கு வருகிறது. நன்றாக அமைந்தால், தாம் நம்பியது தவறென்று அவையே கண்டுபிடித்ததாக உணரும். அப்படி அடைந்த முடிவைச் சொல்லிக் கேட்ட முடிவைவிட உறுதியாகப் பற்றிக்கொள்ளும்.

அவையில் பெரும்பாலோர் ஒரே தவறான விளக்கத்தை நம்பும்போது மட்டுமே இந்த வரிசை வேலை செய்கிறது என்பது அதன் முதல் வரம்பு. ரேடியோத் தொடர்புப் பொறியாளர்கள் நிறைந்த அமர்வில் குளிர் பற்றிய புதிரைப் போட்டால், மறு அனுப்புதல்தான் காரணம் என்று முதல் நிமிடத்திலேயே பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள். அதன் பிறகு பேச்சாளர் தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குப் பொறுமைச் சோதனை. இரண்டாவது வரம்பு, தவறான விளக்கம் மனத்தில் தங்கிவிடுவது. குளிர்கால வரைபடம் கண்ணுக்கு எடுப்பாக இருந்தால், பாதியில் வந்தவரும், இடையில் மின்னஞ்சலைப் பார்த்தவரும், ஸ்லைடைப் படம் எடுத்தவரும் "குளிரில் பேட்டரி விரைவாகத் தீர்கிறது" என்ற செய்தியோடு வெளியேறக்கூடும். இதைத் தவிர்க்க, நிராகரிக்கப் போகும் விளக்கத்தின் ஸ்லைடுத் தலைப்பைக் கேள்வியாகவே எழுத வேண்டும்: "குளிர் காரணமா?" என்று இருக்கலாம், "குளிர்காலத்தில் பேட்டரி இழப்பு" என்று இருக்கக் கூடாது. நிராகரிக்கும் விளக்கமும் ஒன்றோடு நிற்க வேண்டும். மூன்று விளக்கங்களை வரிசையாக எழுப்பி வரிசையாக வீழ்த்த 12 நிமிடத்தில் இடமில்லை.

நிகழ்ச்சி நிரலையும் மறந்துவிடக் கூடாது. "மறு அனுப்புதலைக் கட்டுப்படுத்தி சென்சார் பேட்டரிக் காலத்தை நீட்டித்தல்" என்று உரையின் தலைப்பு அச்சாகியிருந்தால், புதிரின் விடை அவைக்கு முன்பே தெரியும். அந்நிலையில் புதிர் வரிசை செயற்கையாகத் தோன்றும். இந்த வரிசையை விரும்புகிறவர் சுருக்கத்தை அனுப்பும் மாதத்திலேயே தலைப்பைப் பற்றி முடிவெடுத்திருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட ஆய்வுக்கு என் தீர்ப்பு அமர்வைப் பொறுத்தது. பொறியாளர்கள் அமர்வானால் தயக்கமில்லாமல் இரண்டாவது வரிசை. நீரியலாளர்கள் அமர்வானால் புதிர் வரிசையைச் சுருக்கிப் பயன்படுத்துவேன்: சிக்கலுக்கு ஒரு நிமிடம், குளிர் என்ற விளக்கத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு சென்சார்களின் வரைபடத்துக்கு ஒன்றரை நிமிடம், நான்காம் நிமிடம் முடிவதற்குள் விடை. அதற்குப் பிறகு எல்லாம் இரண்டாவது வரிசையைப் போலவே செல்லும். அமர்வில் யார் இருப்பார்கள் என்று தெரியாவிட்டால் இரண்டாவது வரிசையே பாதுகாப்பானது, ஏனென்றால் அது தவறிப்போனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். புதிர் தவறினால் செய்தியும் சேர்ந்து தவறும்.

எந்த வரிசையானாலும் கடைசி இரண்டு ஸ்லைடுகளின் இடம் ஒன்றுதான், அவற்றின் மீது கூடுதல் கவனம் தேவை. வரம்புகள் முடிவுரைக்கு முன்பாக வர வேண்டும், அதுவும் பட்டியலாக இல்லாமல் ஒரே வரம்பாக. ஆறு வரம்புகளைப் புள்ளியிட்டு அடுக்கினால் அவையினர் எதையும் பற்றிக்கொள்வதில்லை. இங்கே தாமதம் ஒன்றை மட்டும் எடுத்து, களத்தில் பதிவான மிக நீண்ட தாமதம் எவ்வளவு, அது எந்தச் சூழலில் நேர்ந்தது என்று ஒரு வரைபடத்தில் காட்டி, "நீர்மட்டம் வேகமாக ஏறும் நேரத்தில் இந்த விதியைத் தளர்த்த வேண்டுமா என்பதை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை" என்று சொல்லி நிறுத்தினால், கேள்விக்கான கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று அவைக்குத் தெரிந்துவிடும். திறந்து விடப்படும் கேள்வி உண்மையிலேயே விடை தெரியாததாகவோ பாதி தெரிந்ததாகவோ இருக்க வேண்டும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வைக்கும் உத்தியை அனுபவமுள்ள அவை உடனே கண்டுகொள்ளும்.

கடைசி ஸ்லைடு "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லாக இருப்பது பரவலான பழக்கம். அதைக் கைவிடுமாறு வற்புறுத்தவே விரும்புகிறேன். கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்பது அந்த ஒரு ஸ்லைடுதான். மொத்த உரையில் வேறெந்த ஸ்லைடும் அவ்வளவு நேரம் தெரிவதில்லை. அங்கே மையச் செய்தியின் வாக்கியமும், இரண்டு சென்சார்களின் வரைபடமும், புதிய விதியின் ஒற்றை வரியும் இருந்தால், கேள்வி கேட்பவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே கேள்வியை வடிவமைப்பார். "இந்த இரண்டாவது கோட்டில் நடுவே ஒரு சரிவு தெரிகிறதே" என்று தொடங்கும் கேள்வி கருவியின் பெயரைக் கேட்கும் கேள்வியைவிட எவ்வளவோ மேல். நன்றியை வாயால் சொல்லலாம். ஒத்துழைத்தவர்களின் பெயர்களைத் தலைப்பு ஸ்லைடிலேயே போட்டுவிடலாம்.

அதற்குப் பின்னால் துணை ஸ்லைடுகள். எதிர்பார்க்கும் கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒன்று வீதம் மூன்று அல்லது நான்கு போதும்: தாமதத்தின் பரவல், மின்னோட்டம் அளந்த முறை, பேட்டரியின் வகையும் குளிரில் அதன் நடத்தையும். கேள்வி வந்ததும் முழு உரையையும் பின்னோக்கி ஓட்டித் தேடுவது அவையின் நேரத்தை வீணாக்கும். பவர்பாயிண்டிலும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸிலும் ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter விசையை அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடு வரும். ஆகவே துணை ஸ்லைடுகளின் எண்களை ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

வரிசை சரியாக அமைந்திருக்கிறதா என்பதை மாநாட்டுக்கு முன்பே சோதித்துவிட முடியும். ஸ்லைடுத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வாசித்துப் பாருங்கள். தலைப்புகள் முழு வாக்கியங்களாக இருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்று "அப்படியானால்", "ஆனால்", "ஆகவே" என்ற சொற்களால் இணைந்தால் வரிசை உயிரோடு இருக்கிறது. "அடுத்ததாக" என்ற சொல் மட்டுமே இரண்டு தலைப்புகளை இணைக்க முடிகிறதென்றால் அந்த இடத்தில் ஒரு ஸ்லைடு இடம் மாற வேண்டும் அல்லது நீங்க வேண்டும். "முடிவுகள் 1", "முடிவுகள் 2" என்று தலைப்பிட்டிருப்பவர் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. முதலில் அவற்றை வாக்கியங்களாக்க வேண்டும்.

பிறகு துறைக்கு அருகில் இருக்கும், ஆனால் இந்த ஆய்வை அறியாத ஒருவரிடம் உரையை முழுமையாக நிகழ்த்திக் காட்டி, முடிந்ததும் இரண்டே விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: உரை என்ன சொன்னது என்று ஒரு வாக்கியம், அவருக்கு எழுந்த முதல் கேள்வி. நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். நாகரிகம் கருதி நன்றாக இருந்தது என்றே சொல்வார்கள். அவர் எழுதிய வாக்கியத்தில் "குளிர் அல்ல" என்ற பகுதி இருந்து "இரண்டு முயற்சி" இல்லையென்றால், புதிய விதியின் ஸ்லைடு நெரிசலில் சிக்கியிருக்கிறது. அதற்கு முன் உள்ளதைக் குறைக்க வேண்டும். அவர் கேள்வி தாமதத்தைப் பற்றி இல்லாமல் சென்சாரின் அமைப்பைப் பற்றி இருந்தால், அமைப்பைக் காட்டும் ஸ்லைடை எடுத்துத் துணை ஸ்லைடுகளோடு வைத்துவிட்டு வேறொருவரிடம் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கலாம். முதலாமவரிடமே திரும்பிப் போவதில் பயனில்லை, அவருக்கு விடை ஏற்கெனவே தெரியும்.

மேடையில் நேரம் குறைந்துவிட்டால் எதை விடுவது என்பதும் வரிசையின் ஒரு பகுதிதான். அதை அங்கே நின்று யோசிக்கக் கூடாது. இந்த உரையில் தாண்டத்தக்கது முயற்சிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்லைடு: "சராசரி 3 முறை" என்று வாயால் சொல்லிவிட்டுப் புதிய விதிக்குப் போகலாம். இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் தாமத ஸ்லைடையும் தொடக் கூடாது, ஏனென்றால் முன்னது போனால் செய்தி நம்பப்படாது, பின்னது போனால் கேள்வி பிறக்காது. ஒன்பதாம் நிமிடத்தில் புதிய விதியின் ஸ்லைடு திரைக்கு வந்திருக்க வேண்டும் என்று குறிப்புத் தாளில் ஒரே ஒரு நேரக்குறியை எழுதிவைத்து, அது தவறிவிடும் என்று தெரிந்தால் எண்ணிக்கை ஸ்லைடைத் தாண்டுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம்.